எங்க டிரஸ்ட் போர்டுல இருந்த ஒரு வரியை மாத்தி எழுதுன அனுபவம்

மொத்தம் ஏழு வாரம் ஆச்சு. கடைசில கையில வந்தது, எங்க டிரஸ்ட் எதுக்கு இருக்குன்னு சொல்ற ரெண்டே வாக்கியம். அந்த ஏழு வாரத்துல என்ன பண்ணோம், எங்க சறுக்குனோம், எந்த வார்த்தைக்காக எத்தன நாள் உக்காந்தோம்னு எழுதி வைக்குறேன், இதே மாதிரி சின்ன டிரஸ்ட் வச்சிருக்கவங்களுக்கு பயன்படும்.

நாங்க இருக்குறது திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடிச்சப்ப தார்ப்பாயும் அரிசியும் குடுக்க சேர்ந்த ஆளுங்க, அடுத்த வருஷம் அதையே டிரஸ்டா பதிவு பண்ணிட்டோம். அறங்காவலர் அஞ்சு பேரு. தலைவர் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், செயலாளர் அக்கா ஆஸ்பத்திரில நர்ஸா இருந்து ஓய்வு பெற்றவங்க, ஒருத்தர் சொந்த நிலம் வச்சு சாகுபடி பண்றவரு, ஒரு தங்கச்சி மகளிர் குழு வேலை பாக்குறவங்க, அப்புறம் நான். நான் தாலுகா ஆபீஸ் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், மனு டைப் பண்ணிக் குடுப்பேன். நிவாரணம் குடுத்து முடிஞ்ச பிறகும் ஜனங்க பேப்பரைத் தூக்கிட்டு வந்துகிட்டே இருந்தாங்க, எங்க டிரஸ்டோட வேலை அப்படியே அந்தப் பக்கம் போயிடுச்சு.

ஆனா போர்டுல இருந்தது இது:

"கிராமப்புற ஏழை எளிய மக்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்தி, கல்வி, சுகாதாரம், சுற்றுச்சூழல் விழிப்புணர்வு மூலம் வளமான சமுதாயத்தை உருவாக்குவதே எங்கள் நோக்கம்."

பதிவு பண்ண சமயத்துல இன்னொரு அமைப்போட நோட்டீஸைப் பாத்து நான்தான் டைப் பண்ணேன். அஞ்சு வருஷம் யாரும் அதை ஒரு தடவை கூட சத்தமா படிச்சுப் பாக்கல.

மாத்தணும்னு ஏன் வந்துச்சுன்னா, நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊர்லேர்ந்து வந்த அக்கா ஒருத்தவங்க. புருஷன் இறந்து மூணு வருஷம், விதவை ஓய்வூதியத்துக்கு ஒரு புரோக்கர்கிட்ட 3,000 ரூபா குடுத்துட்டு, அவன் போனை எடுக்குறதில்லன்னு என் கடைக்கு மனு டைப் பண்ண வந்தாங்க. நாங்க இதை காசு வாங்காமலே பண்றோமேக்கா, நம்ம டிரஸ்ட் போர்டு பஸ் ஸ்டாப்புலயே இருக்கேன்னு கேட்டேன். "அந்த போர்டைத் தாண்டித்தான் தம்பி தெனம் நடவுக்குப் போறேன், அது ஏதோ மரம் நடுற சங்கம்னு நெனச்சேன்" அப்படின்னாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அந்த 3,000 ரூபா எத்தன நாள் சேத்துல நின்ன கூலி. போர்டுல ஒழுங்கா ஒரு வரி இருந்திருந்தா அந்தக் காசு அவங்க கையில இருந்திருக்கும்.

அடுத்த மீட்டிங்ல இதைச் சொன்னேன். முதல்ல ஒரு சின்ன சோதனை பண்ணோம். போர்டு போட்டோவை பெருசா பிரிண்ட் போட்டு, எங்க டிரஸ்ட் பேரை வெள்ளைப் பேப்பரால மறைச்சேன். மறைச்ச இடத்துல முதியோர் இல்லம்னு வச்சுப் படிச்சோம், பொருந்துச்சு. கண் சிகிச்சை முகாம் நடத்துறவங்கன்னு வச்சோம், பொருந்துச்சு. மரம் நடுற மன்றம்னு வச்சா எங்களை விட நல்லாவே பொருந்துச்சு. பேரை மாத்தினாலும் வாசகம் நிக்குதுன்னா அதுல எங்களைப் பத்தி ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம்.

சரி புதுசா எழுதுவோம்னு உக்காந்தோம், இங்கதான் ரெண்டு வாரம் போச்சு. ஆளுக்கு ஒண்ணு எழுதிட்டு வாங்கன்னு தலைவர் சார் சொன்னாரு. அஞ்சு பேரும் எழுதிட்டு வந்தோம், அஞ்சும் அஞ்சு விதமா இருந்துச்சு. சார் பிள்ளைங்க படிப்பைப் பத்தி எழுதியிருந்தாரு, சாகுபடி பண்ற அண்ணன் "டெல்டா விவசாயிகள்"னு ஆரம்பிச்சாரு, செயலாளர் அக்கா ஆரோக்கியம், தங்கச்சி பெண்கள் முன்னேற்றம், நான் மனு. அவங்கவங்க மனசுல என்ன ஆசை இருக்கோ அது பேப்பர்ல வந்துச்சு. அஞ்சையும் ஒட்டவச்சா மறுபடி பழைய வாசகமே வந்து நிக்குது, ஏன்னா எல்லாரையும் திருப்திப்படுத்தணும்னா எல்லாத்தையும் சேக்கணும். அந்த பழைய மாதிரி வாசகமெல்லாம் இப்படித்தான் பொறக்குது போல.

அப்ப செயலாளர் அக்கா, "நாம என்ன நெனக்கிறோம்குறது கிடக்கட்டும், நோட்டை எடுங்க" அப்படின்னாங்க.

டிரஸ்ட்ல வர்றவங்க பேரு, ஊரு, எதுக்கு வந்தாங்கன்னு எழுதுற லாங்சைஸ் நோட்டு இருக்கு. போன வருஷத்துக்கு ரெண்டு நோட்டு. நான், அக்கா, தங்கச்சி மூணு பேரும் ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒவ்வொரு பதிவா எடுத்து ஏ4 பேப்பர்ல மூணு பத்தியா போட்டோம். வந்தது யாரு, என்ன கேட்டு வந்தாங்க, நாம கையால என்ன செஞ்சோம். மூணாவது பத்திக்கு மட்டும் அக்கா ஒரு கட்டுப்பாடு வச்சாங்க: போட்டோ எடுக்க முடியுற வேலையா இருந்தாத்தான் எழுதணும். "வழிகாட்டினோம்"னு எழுத வந்தேன், அதை எப்படி போட்டோ எடுப்பேன்னு கேட்டாங்க. யோசிச்சா அன்னிக்கு நான் செஞ்சது இறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்துல வச்சு பேர்ல எங்க எழுத்து மாறியிருக்குன்னு பாத்து, திருத்த விண்ணப்பம் எழுதிக் குடுத்தது. அதை எழுதினேன். இந்தக் கட்டுப்பாடு இல்லேன்னா மூணாவது பத்தி முழுக்க "உதவினோம், உதவினோம்"னு போயிருக்கும், அதுலேர்ந்து ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

மொத்தம் 341 பதிவு. அதுல ஓய்வூதியம் சம்பந்தமா மட்டும் 158, முதியோர், விதவை, கைவிடப்பட்டவங்க எல்லாம் சேத்து. அடுத்து குத்தகைக்கு சாகுபடி பண்றவங்க, அடங்கல்ங்குற சாகுபடிப் பதிவு, பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம்னு வந்தது 97. ரேஷன் கார்டு ஆதார் திருத்தம் 44. மிச்சம்தான் படிப்பு உதவி, ஆஸ்பத்திரி, மத்ததெல்லாம். மரம் நட்டது வருஷத்துல ரெண்டு நாள், அதுவும் யாராச்சும் கன்னு குடுத்தாங்கன்னு நட்டது. போர்டுல பாதி இடத்தைப் புடிச்சுகிட்டு இருந்த கல்வியும் சுற்றுச்சூழலும் நோட்டுல அங்கங்க கொஞ்சம்தான் கிடைச்சுது. தலைவர் சாருக்கு அது வருத்தம்தான், வாழ்க்கை பூரா பள்ளிக்கூடத்துல இருந்த மனுஷன். ஆனா பேப்பரைப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "நாம செய்யுறது இதுதான்னா இதையே சொல்லுவோம்"னாரு. அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்.

இன்னொரு விஷயம் மூணாவது பத்தில கிடைச்சுது, எனக்கு இதுதான் பெருசு. 158 ஓய்வூதிய பதிவுல 83 பேருக்கு நாங்க விண்ணப்பம் போட்டுக் குடுத்ததோட சரி. அதுல உத்தரவு வந்தது 21. மிச்சம் 75 பேருக்கு யாராச்சும் ஒருத்தர் ஆபீஸுக்குக் கூடப் போயிருக்கோம், திரும்பத் திரும்ப விசாரிச்சிருக்கோம். அதுல 52 பேருக்கு வந்துடுச்சு. இதை வச்சு கூடப் போனாலே கிடைச்சிடும்னு சொல்ல மாட்டேன், ஏன்னா பேப்பரெல்லாம் சரியா வச்சிருந்தவங்க கூடத்தான் நாங்க கிளம்பிப் போயிருக்கலாம், சிக்கலான கேஸை தள்ளிப் போட்டிருக்கலாம். ஆனா காரணத்தைத் தேடி ஒவ்வொரு ஃபைலா பாத்தப்ப ஒண்ணு தெளிவா தெரிஞ்சுது. இ-சேவைல விண்ணப்பம் போட்ட பிறகு விஏஓ விசாரணை வரும், அப்புறம் ஆர்ஐ, அப்புறம் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார். விசாரணைக்கு வர்ற அன்னிக்கு அந்த அம்மா நடவுல நிப்பாங்க, வீடு பூட்டியிருக்கும், ஃபைல் அங்கயே நின்னு போயிடும். அவங்களுக்கு அது நின்னு போனதே தெரியாது. ஒரு நாள் ஆபீஸ் போனா அன்னிக்குக் கூலி போச்சு, அதனால போய்க் கேக்கவும் மாட்டாங்க. கூட ஒருத்தர் இருந்தா விசாரணை என்னிக்குன்னு முன்னாடியே கேட்டு, அன்னிக்கு அவங்களை வீட்டுல இருக்க வைக்கலாம். அவ்ளோதான் வித்தியாசம். விண்ணப்பம் பூர்த்தி பண்றது எந்த கடையிலயும் நடக்கும், கூடப் போறதுதான் நாங்க செய்யுற வேலைன்னு அன்னிக்குப் புரிஞ்சுது. நோக்க வாசகத்துல "எப்படி"ங்குறதுக்கு பதில் அங்க இருந்துச்சு.

இப்ப "யாருக்கு"ங்குறது பாக்கி. நோட்டுல ரெண்டு கூட்டம் தெரியுது, ஒண்ணு வயல் வேலைக்குப் போற பொம்பளைங்க, இன்னொண்ணு குத்தகைக்காரங்க. சாகுபடி பண்ற அண்ணன் "விவசாயிகள்"னு போட்டா ரெண்டு பேரும் அதுல வந்துருவாங்கன்னாரு. வரமாட்டாங்க. எங்க பக்கம் விவசாயின்னா நிலம் வச்சிருக்கவரு, நடவு நடுற அக்கா தன்னை விவசாயின்னு ஒரு நாளும் சொல்லிக்க மாட்டாங்க. அரசாங்கப் பேப்பர்லயும் நெலம் யாரு பேர்ல இருக்கோ அவங்கதான் விவசாயி.

ரெண்டு பேரும் எங்க வந்து சேர்றாங்கன்னு யோசிச்சோம். வாய்மொழி குத்தகைல மூணு மா, அஞ்சு மா எடுத்து சம்பா போடுறவருக்கு காப்பீடு பண்ணணும்னா விஏஓகிட்ட அடங்கல் வேணும். நில உரிமையாளர் வேற ஊர்ல இருப்பாரு, குத்தகைக்கு விட்டதையே பேப்பர்ல ஒத்துக்க பயப்படுவாரு, குத்தகைப் பதிவு ஆயிட்டா நெலம் கைவிட்டுப் போயிடும்னு. அதனால அடங்கல்ல இவரு பேரு ஏறாது. காப்பீட்டுக்குக் கடைசி தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவுல வரும், அதுக்குள்ள இந்தச் சிக்கல் தீராது. விதை, உரம், ஆள்கூலி எல்லாம் இவரு போட்டது, தண்ணி நின்னு பயிர் அழுகினா நிவாரணப் பட்டியல்ல வர்றது இன்னொருத்தர் பேரு. வயல் வேலைக்குப் போற அக்காவுக்கு அந்தப் பட்டியல்லயே இடம் கிடையாது. ரெண்டு பேரும் ஒரே சேத்துல நிக்குறாங்க, ரெண்டு பேர் பேரும் நிலப் பேப்பர்ல இல்ல. அதைப் புடிச்சுகிட்டு முதல் வரைவு எழுதினோம்:

"பட்டாவில் பெயர் இல்லாமல் வயலில் பாடுபடுபவர்களுக்கு அரசு உதவிகளைப் பெற்றுத் தருகிறோம்."

எங்க அஞ்சு பேருக்கும் ரொம்பப் புடிச்சிருந்துச்சு. நான் அப்பவே போர்டுக்காரருக்கு போன் போடலாம்னேன். தங்கச்சிதான், "முதல்ல யாரைப் பத்தி எழுதியிருக்கோமோ அவங்ககிட்ட படிச்சுக் காட்டுவோம்ணே"ன்னு நிறுத்துச்சு.

ஒரு நாள் மதியம், களை பறிச்சுட்டு கஞ்சி குடிக்க கரையேறி உக்காந்திருந்த எட்டு அக்காங்ககிட்ட தங்கச்சி போயி படிச்சுக் காட்டுச்சு, நான் கொஞ்சம் தள்ளி நின்னேன். நாங்க ஒரு முறை வச்சிருந்தோம்: ஒரே தடவைதான் படிக்கணும், விளக்கம் சொல்லக்கூடாது, "நல்லா இருக்கா"ன்னு கேக்கக்கூடாது. நல்லா இருக்கான்னு கேட்டா மரியாதைக்கு நல்லாருக்கும்மான்னு சொல்லிடுவாங்க. அதுக்குப் பதிலா, "இது யாருக்குன்னு நெனக்கிறீங்க, உங்களுக்கு எது வேணும்னா இவங்ககிட்ட போவீங்க"ன்னு ரெண்டு கேள்வி.

முதல் ஆளே கவுத்துட்டாங்க. "இது நமக்கு இல்லம்மா, எனக்குத்தான் பட்டா இருக்கே, போன கலெக்டர் காலத்துல மூணு சென்ட்டு மனைப்பட்டா குடுத்தாங்களே" அப்படின்னாங்க. பட்டான்னா எங்களுக்கு வயல் பட்டா, அவங்களுக்கு வீட்டு மனைப்பட்டா. அவங்க வாழ்க்கைல போராடி வாங்குன ஒரே பேப்பர் அது. எட்டு பேர்ல அஞ்சு பேரு, பட்டா இல்லாதவங்களுக்கு மனைப்பட்டா வாங்கித் தர்ற சங்கம்னு புரிஞ்சுகிட்டாங்க.

அங்கயே இன்னொண்ணும் கிடைச்சுது. "பெற்றுத் தருகிறோம்"னு கேட்டதும் ஒரு பெரியம்மா, "எவ்வளவு கேப்பாங்க?"ன்னாங்க. எங்களுக்கு ஒரு நிமிஷம் புரியல. வாங்கித் தர்றேன்னு சொல்றது புரோக்கர் பேசுற பேச்சு, இந்த ஜனங்க காதுல அது அப்படித்தான் விழுது. அது போக, பென்ஷன் குடுக்குறது அரசாங்கம், தகுதி இருக்கா இல்லையான்னு முடிவு பண்றது தாசில்தார், எங்க கையில இல்லாத ஒண்ணை நாங்க வாக்கு குடுக்குறோம். நோட்டுலயே பாத்தோமே, கூடப் போயும் 23 பேருக்கு கிடைக்கலையே. அவங்க போர்டைக் காட்டி "பெற்றுத் தருகிறோம்னு எழுதியிருக்கே"ன்னு கேட்டா என்ன சொல்லுவோம். முடிவை வாக்கு குடுக்கக்கூடாது, நம்ம கையால செய்யுற வேலையை மட்டும் சொல்லணும்னு அங்க வரப்பு மேல வச்சுத்தான் எங்களுக்கு உறைச்சுது.

ரெண்டாவது வரைவு:

"சொந்த வயல் இல்லாமல் பாடுபடுபவர்களுக்கு, காசு வாங்காமல் மனு எழுதி, அலுவலகத்துக்குக் கூட வந்து, முடிவு தெரியும் வரை விடாமல் விசாரிக்கிறோம்."

"எப்படி"ங்குற பாதி இதுல சரியாயிடுச்சு. அந்த அக்காங்ககிட்ட மறுபடி படிச்சப்ப "ஓஏபிக்கு போகலாம், விதவைப் பணத்துக்குப் போகலாம், கூட ஆள் வருவாங்களாம்"னு அவங்களே சொன்னாங்க. அந்த "கூட வந்து"தான் எல்லாருக்கும் ஞாபகம் இருந்துச்சு. "முடிவு தெரியும் வரை"ன்னு போட்டதும் காரணத்தோடதான். கிடைச்சாலும் முடிவு, தள்ளுபடி ஆனாலும் முடிவு, தள்ளுபடின்னா எந்தக் காரணத்துக்குன்னு எழுத்துல வாங்கிக் குடுத்துட்டுத்தான் ஃபைலை மூடணும்னு எங்களுக்கே ஒரு கட்டாயம் அதுல இருக்கு.

இதை குத்தகைக்காரங்ககிட்ட கொண்டு போனது டீக்கடைல, காலைல ஆறரை மணிக்கு. அங்க "சொந்த வயல் இல்லாமல்" அடி வாங்குச்சு. ஒருத்தர் சொன்னாரு, "எனக்கு ஒரு மா சொந்தம் இருக்கு தம்பி, நாலு மா குத்தகை. அப்ப நான் வரலாமா கூடாதா?" ஒரு மான்னா 33 சென்ட்டு, அதை வச்சு என்ன பண்ண முடியும், ஆனா எங்க வாசகப்படி அவரு வெளிய நிக்குறாரு. நோட்டைப் பாத்தா குத்தகைக்காரங்க 97 பதிவுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு இப்படி கொஞ்சம் சொந்தம், மிச்சம் குத்தகைன்னு இருக்கு. நாங்க இத்தன நாளா அவங்களுக்குச் செஞ்சுகிட்டு இருக்கோம், எழுதுறப்ப தள்ளிவிட்டுட்டோம்.

சரி "அடுத்தவங்க வயலில் பாடுபடுபவர்கள்"னு மாத்திப் பாத்தோம். இது கூலிக்குப் போறவங்களுக்கும் பொருந்தும், கொஞ்சம் சொந்தம் வச்சிருக்கவருக்கும் பொருந்தும். அதே டீக்கடைல கோயில் நிலம் சாகுபடி பண்ற பெரியவரு ஒருத்தரு டம்ளரை வச்சுட்டு எந்திரிச்சுட்டாரு. "எங்க தாத்தா திருத்துன நெலம் அது, மூணு தலைமுறையா நாங்க உழுவுறோம், யாரு வயலுன்னு எழுதுறீங்க?" கோவமா சொல்லல, வலியோட சொன்னாரு. பேப்பர்ல அது சாமி பேர்ல இருக்கு. ஆனா அடுத்தவங்க வயல்னு அவரு முகத்துக்கு நேரா எழுத எங்களுக்கு என்ன உரிமை இருக்கு.

அந்த ஒரு வார்த்தைக்கு ஒன்றரை வாரம் போச்சு. தலைவர் சார்தான் கடைசில சொன்னாரு, நாம வயலைப் பத்திப் பேசவே வேணாம், பேரைப் பத்திப் பேசுவோம், வயல் யாருதுங்குறது அவங்க நியாயம், யாரு பேர்ல இருக்குங்குறதுதான் நம்ம வேலை. "வேறொருவர் பேரில் உள்ள வயலில்." அந்தப் பெரியவர்கிட்ட படிச்சுக் காட்டுனேன். ரெண்டு தடவை படிக்கச் சொன்னாரு. "ஆமா, பேருதான் வேற"ன்னாரு. பட்டான்னு ஆரம்பிச்ச எடத்துக்கே சுத்தி வந்துட்டோம், ஆனா மனைப்பட்டா குழப்பமும் இல்ல, ஒரு மா வச்சிருக்கவரும் வெளிய போகல.

கூலிக்குப் போறவங்களை எப்படிக் கூப்பிடறதுன்னும் ஒரு பேச்சு வந்துச்சு. "கூலிகள்"னு எழுத யாருக்கும் மனசு வரல. "விவசாயத் தொழிலாளர்"ங்குறது எங்க பக்கம் சங்கம் வழியா வந்த கௌரவமான வார்த்தை, அதைப் போடலாம்னு நான் சொன்னேன். ஆனா அக்காங்ககிட்ட கேட்டா அவங்க தங்களைச் சொல்லிக்கிறது "வயல் வேலைக்குப் போறவங்க". அதையே வச்சோம், பேங்க்குக்கும் மானிய விண்ணப்பத்துக்கும் போற பிரதியில மட்டும் விவசாயத் தொழிலாளர்.

நடுவுல ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை போனோம், இதை யாரும் மறந்துடாதீங்க. எனக்கு இருந்த சந்தேகம், டிரஸ்ட் பத்திரத்துல நோக்கங்கள்னு ஒரு பட்டியல் இருக்கே, அதையும் மாத்தணுமான்னு. வேணாம்னுட்டாரு. பத்திரத்துல இருக்குற நோக்கங்கள் வேலி மாதிரி, நீங்க போர்டுல எழுதுறது அதுக்குள்ள எந்த எடத்துல உழுவுறீங்கன்னு சொல்றது, வேலியைத் தாண்டாம இருந்தா போதும். எங்க பத்திரத்துல ஏழைகளுக்கு உதவுதல்னு இருக்கு, நாங்க எழுதுனது அதுக்குள்ள அடங்கிடுது. பத்திர நோக்கத்தையே கை வச்சா வருமான வரித் துறைல வரி விலக்குப் பதிவு வரைக்கும் போயி மறுபடி விண்ணப்பம் போடுற வேலை வரும், பத்திரத்துல திருத்துற அதிகாரம் எழுதியிருக்கான்னு வேற பாக்கணும்.

அவரு இன்னொரு எச்சரிக்கையும் சொன்னாரு. யாருக்குன்னு குறிப்பா எழுதுறப்ப ஒரு தனி சாதிப் பேரையோ ஒரு மதத்தையோ மட்டும் பயனாளியா எழுதிட்டா வரி விலக்குல சிக்கல் வரலாம், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள்னு எழுதுறதுக்குச் சட்டத்துலயே விலக்கு இருக்குன்னு. எங்க பக்கம் வயல் வேலைக்குப் போறவங்கள்ல பெரும்பாலும் ஆதிதிராவிடர் தெருக்காரங்க, அதை எழுதணுமான்னு நாங்க உண்மையிலேயே பேசினோம். எழுத தடை இல்ல. ஆனா குத்தகைக்காரங்கள்ல எல்லாரும் இருக்காங்க, வேலையை வச்சே ரெண்டு பேரையும் சொல்ல முடியுதுன்னதால வேலையை வச்சு எழுதினோம். அதுக்குப் பதிலா போர்டு எங்க நிக்கணும்ங்குறதுல அதைக் கவனிச்சுகிட்டோம், அதைக் கீழ சொல்றேன்.

ஊரு விஷயம் சீக்கிரம் முடிஞ்சுது. பத்திரத்துல தமிழ்நாடு முழுவதும்னு இருக்கு, நோட்டுல முக்கால்வாசிப் பேரு ஒம்பது ஊர்லேர்ந்து வந்திருக்காங்க, கூடப் போறதுன்னா ஒரு நாள்ல போயி வர்ற தூரம்தான் முடியும். ஒம்பது ஊரையும் வரிசையா எழுதினா போர்டு தாங்காது, "திருத்துறைப்பூண்டி கடைமடை ஊர்களில்"னு போட்டோம்.

கடைசி வடிவம்:

"திருத்துறைப்பூண்டி கடைமடை ஊர்களில் வேறொருவர் பேரில் உள்ள வயலில் பாடுபடும் குத்தகைக்காரர்களுக்கும், வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கும் துணை நிற்கிறோம். ஓய்வூதியம், பயிர்க் காப்பீடு, நிவாரணம் ஆகியவற்றுக்கு, காசு வாங்காமல் மனு எழுதி, அலுவலகத்துக்குக் கூட வந்து, முடிவு தெரியும் வரை விசாரிக்கிறோம்."

"துணை நிற்கிறோம்"ங்குறது போட்டோ எடுக்க முடியாத வார்த்தை, அக்கா அதுக்கு ஒத்துக்கல. ஆனா அடுத்த வாக்கியமே அது என்னன்னு சொல்லிடுதேன்னு சார் கேட்டாரு, விட்டுட்டாங்க. எனக்கு இன்னும் அந்த எடத்துல கொஞ்சம் உறுத்தல் இருக்கு. பேரை மறைச்சு வச்சுப் பாக்குற சோதனையை மறுபடி பண்ணோம். முதியோர் இல்லம் பொருந்தல, கண் முகாம் பொருந்தல.

இன்னொரு சோதனையும் பண்ணோம், இது "முடியாது"ன்னு சொல்ல உதவுதான்னு. போன வருஷம் வந்த கோரிக்கைகள்ல பத்தை எடுத்து, புது வாசகத்தை வச்சு இது நம்ம வேலையா இல்லையான்னு அஞ்சு பேரும் தனித்தனியா எழுதினோம். எட்டுல ஒரே பதில் வந்துச்சு. பழைய வாசகத்தை வச்சுப் பண்ணா பத்துக்கும் ஆமான்னுதான் எழுதியிருப்போம், அதுக்குள்ளதான் எல்லாமே அடங்குதே. பதில் மாறின ரெண்டுல ஒண்ணு ரேஷன் கார்டு திருத்தம். ஓய்வூதிய ஃபைலுக்குத் தேவைப்பட்டா பண்ணுவோம், தனியா அதுக்கு மட்டும் வந்தா இ-சேவைக்கு அனுப்புவோம்னு முடிவாச்சு. இன்னொண்ணு ஒரு பையனோட காலேஜ் ஃபீஸ். சார் ஆமான்னு எழுதியிருந்தாரு. அந்தப் பையனுக்கு அவரு தன் கைக்காசைக் குடுத்தாரு, டிரஸ்ட் கணக்குல எடுக்கல.

போர்டு 6க்கு 4 அடி தகடு, மஞ்சள் அடில கறுப்பு எழுத்து. முழு ரெண்டு வாக்கியமும் ஆபீஸ் சுவர்ல இருக்கு. ரோட்டு போர்டுல நடந்து போறவங்க படிக்கணும்னு பெரிய எழுத்துல "ஓய்வூதியம், காப்பீடு, நிவாரண மனு: காசு இல்லாமல் கூட வருவோம்"னு ஒரு வரி, கீழ போன் நம்பர். படிக்கத் தெரியாதவங்களுக்காக ஒரு அம்மாவும் கூட ஒரு ஆளும் கையில பேப்பரோட ஆபீஸ் வாசல்ல நிக்குற மாதிரி படம் வரையச் சொன்னோம். பஸ் ஸ்டாப்புல ஒண்ணு மாத்தினோம், ரெண்டாவதை ஆதிதிராவிடர் தெரு முனைல, பம்ப்செட் பக்கத்துல நட்டோம், ஏன்னா வேலைக்குக் கிளம்புற பொம்பளைங்க காலைல அங்கதான் ஆளு சேர்றாங்க.

3,000 ரூபா குடுத்த அந்த அக்கா ஃபைல் நகர்ந்துடுச்சு. விசாரணை அன்னிக்கு நடவு இல்லாத நாளா பாத்து செயலாளர் அக்கா கூட இருந்தாங்க. உத்தரவு இன்னும் வரல.

போர்டு வச்ச மூணாவது வாரம் முத்துப்பேட்டை ரோட்டுப் பக்கமிருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. இறால் குட்டைல வேலை. "வயல்னு போட்டிருக்கீங்களே சார், நான் வேலை பாக்குற எடம் முன்னாடி வயலாத்தான் இருந்துச்சு, இப்ப குட்டை. நான் வரலாமா?"ன்னு கேட்டுச்சு. என்கிட்ட பதில் இல்ல. மனுவை வாங்கிகிட்டேன், நோட்டுல அந்தப் பேருக்கு எதிர சிவப்பு பேனால ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன். வருஷக் கடைசில நோட்டை எடுத்து உக்காரும்போது அந்த மாதிரி சிவப்புக் கோடு எத்தன இருக்குன்னு எண்ணணும்.